பெட்டிக்குள்ளேயே கிழமாகும் பேட்டரி: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் தண்டையார்பேட்டையில் உள்ள என் பட்டறைக்கு இரண்டு இளைஞர்கள் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 48 மாத வாரண்டி இருக்கிறது, ஆனாலும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை என்றார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நின்றால், கேட் திறக்கும்போது பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்க, இவர்கள் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கிறார்களாம். பேட்டரியை வெளியே எடுத்து, மேல் பக்கத்தில் பொறித்திருந்த எழுத்துகளைத் துடைத்துப் பார்த்தேன். அவர்கள் வாங்கிய நாளில் அதற்கு வயது 11 மாதம். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் நானே செய்து, கைக்காசைக் கொடுத்துத் தீர்த்த தவறு அது. ஆகவே பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டுவது போன்ற, எல்லோரும் அறிந்த பிழைகளை விட்டுவிட்டு, கடையில் நிற்கும்போது கண்ணில் படாத பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

முகப்பில் உள்ள எண்ணை ஏ.எச். என்று நினைப்பது

கார் பேட்டரியில் 38பி20எல் என்று அச்சிட்டிருந்தால், அதை 38 ஏ.எச்., அதாவது 38 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது ஜப்பானியக் குறியீடு. 38 என்பது செயல்திறன் வரிசை, பி என்பது அகல உயர அளவு, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது டெர்மினல் இருக்கும் பக்கம். நம் ஊர்ச் சிறிய கார்களுக்கு வரும் இந்த அளவுப் பேட்டரியின் கொள்ளளவு பொதுவாக 35 ஏ.எச். தான்.

அந்த 35 ஏ.எச். என்பதும் ஒரு நிபந்தனையோடு வரும் எண்தான். கார் பேட்டரியை 20 மணி நேரக் கணக்கில் அளக்கிறார்கள். அதாவது 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் 35 ஏ.எச். கிடைக்கும்; அதையே ஐந்து மணி நேரத்தில் இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. இரு சக்கர வாகனப் பேட்டரிகளைப் பெரும்பாலும் 10 மணி நேரக் கணக்கில் அளக்கிறார்கள். இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது எந்த மணிக் கணக்கு என்று பார்க்காவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

பெரிய பேட்டரி போட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். ஆனால் வண்டியில் பேட்டரி வைக்கும் தட்டில் சரியாக உட்காராமல் ஆடும் பேட்டரி அதிர்விலேயே சாகும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவை வாங்குவது போதும்.

35எல், 35ஆர்

இரண்டும் ஒன்றல்ல. டெர்மினல் இருக்கும் பக்கம் மாறும்; தவறானதை வாங்கினால் கேபிள் எட்டாது.

தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அரிசி மூட்டையில் தேதி பார்ப்பவர்கள், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பவர்கள்கூட பேட்டரியில் பார்ப்பதில்லை. பெட்டி பிரிக்காமல் இருந்தால் புதியது என்று நம்பிவிடுகிறார்கள்.

ஈய-அமில பேட்டரி ஆசிட் நிரம்பிய நாளிலிருந்தே தன்னைத் தானே கரைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. யாரும் தொடாமல் அலமாரியில் இருந்தாலும், மாதத்துக்குச் சில விழுக்காடு சார்ஜை இழக்கும். வெயில் ஏற ஏற அந்த வேகம் கூடும். தகரக் கூரை போட்ட கிடங்கில் சித்திரை மாதத்தைக் கழித்த பேட்டரிக்கும், குளிர்ந்த அறையில் இருந்த பேட்டரிக்கும் நிறைய வேறுபாடு உண்டு. இழந்த சார்ஜை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் பெரிய சேதமில்லை. மாதக் கணக்கில் அப்படியே விட்டால், பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளின் மேல் படியும் ஈய சல்பேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பரப்பு முழுவதுமாகத் திரும்ப வேலைக்கு வராது.

2009-ல் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அண்ணன் ஒருவரின் ஆம்னி வேனுக்கு 35 ஏ.எச். பேட்டரி வாங்கினேன். ஒரு மொத்த வியாபாரி வழக்கமான விலையை விட 500 ரூபாய் குறைத்துக் கொடுத்தார். பெட்டியில் தூசி படிந்திருந்தது. துடைத்தேன், ஏன் இவ்வளவு தூசி என்று கேட்கத் தோன்றவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து அளந்தால் 12.2 வோல்ட். சார்ஜ் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அங்கேதான் பேட்டரி என்னிடம் உண்மையைச் சொன்னது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். 35 ஏ.எச்.-இல் பாதி 17.5. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காகிய 3.5 ஆம்பியரில் ஏற்றினால் ஐந்து மணி நேரம், இழப்பையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஆக வேண்டும். ஆனால் இரண்டு மணி நேரத்திலேயே சார்ஜர் முள் கீழே இறங்கிவிட்டது. ஆசிட்டில் குமிழிகள் எழும்பின. உள்ளே போனது மிஞ்சிப்போனால் 7 ஏ.எச். மீதியை வாங்கிக்கொள்ளத் தட்டில் இடமில்லை. நானோ, "பரவாயில்லையே, சீக்கிரம் ஏறிவிட்டதே" என்று மகிழ்ந்தேன்.

இரண்டாவது பிழை அடுத்த நிமிடமே நடந்தது. சார்ஜரைக் கழற்றிய கையோடு மல்டிமீட்டரை வைத்தேன், 12.9 காட்டியது. அது தட்டின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் அளந்திருந்தால் 12.4-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பேன். அவசரமாக இருந்தால் ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும். இவை எதையும் செய்யாமல் வேனில் மாட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் ஓடியது. ஐப்பசி மழையில், விடியற்காலை இரண்டு மணிக்கு, மீன் கூடைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் சொலினாய்டு மட்டும் "டக் டக்" என்றதாம். அந்த அண்ணன் வேனைத் தள்ள ஆள் பிடித்ததையும், ஐஸ் உருகியதையும் பற்றி என்னிடம் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

வாரண்டி இருக்கிறதே என்று பேட்டரியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்து, முழுவதும் சார்ஜ் ஏற்றி, சோதித்து, "குறை இல்லை, சார்ஜ் இறங்கியிருந்தது" என்று சீட்டு எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் அது இருந்தது: சார்ஜ் இறங்கிய பேட்டரி பழுதடைந்த பேட்டரியாகக் கருதப்படாது. செத்த செல்லுக்கு மாற்றுக் கிடைக்கும். பாதி உயிரோடு இருக்கும் பேட்டரிக்குக் கிடைக்காது. பழைய சரக்கு வாங்கியவர் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். 500 ரூபாயை மிச்சம் பிடித்த நான், அண்ணனுக்குப் புதிய பேட்டரியை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே கடையில் செய்ய வேண்டியது இதுதான். சில்லறை விற்பனைக்கு வரும் பொதியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அதிகபட்ச விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்ட அளவையியல் விதி. அதைப் படித்தபின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பேட்டரியின் உடம்பில் பொறித்த குறியீட்டையும் பாருங்கள். ஸ்டிக்கரை மாற்றலாம், பொறித்ததை மாற்றுவது கடினம். சில நிறுவனங்கள் ஜனவரிக்கு ஏ தொடங்கி டிசம்பருக்கு எல் வரை ஓர் எழுத்தையும், ஆண்டின் கடைசி இலக்கத்தையும் போடும். சில நேராக எண்ணாகவே போடும். புரியவில்லை என்றால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

என் கணக்கில், மூன்று மாதத்துக்குள் என்றால் யோசிக்க வேண்டாம். ஆறு மாதம் வரை என்றால், மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் 12.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் நான் தொடுவதில்லை. தேதி மட்டுமே தீர்ப்பு அன்று. கால்சியம் கலந்த தட்டுள்ள சீல் பேட்டரிகள் மெதுவாகத்தான் இறங்கும், மாதந்தோறும் சார்ஜ் ஏற்றிப் பராமரிக்கும் நல்ல கடைகளும் உண்டு. அதனால்தான் தேதியையும் வோல்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். சில இரு சக்கர பேட்டரிகள் ஆசிட் இல்லாமல் உலர்ந்த நிலையில் வந்து, கடையில் நிரப்பப்படும். அவற்றுக்கு நிரப்பிய நாள்தான் பிறந்த நாள். உங்கள் கண்முன் நிரப்பச் சொல்லுங்கள், முதல் சார்ஜ் போடாமல் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

24 + 24 என்பதை 48 என்று கூட்டுவது

24 + 24 என்ற வாரண்டியில் முதல் 24 மாதம் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் விகிதக் கழிவு மட்டும். அதாவது புதியது வாங்கும்போது இவ்வளவு விழுக்காடு குறைப்பார்கள். அந்தக் குறைப்பு கடை விலையில் அன்று, அதிகபட்ச விலையில்தான் பெரும்பாலும் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, அச்சிட்ட விலை 5,600 ரூபாய், கடையில் 4,700 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பழைய பேட்டரிக்கு 800 கழித்தால் கையிலிருந்து போவது 3,900 என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தாறாவது மாதம் 25 விழுக்காடு கழிவு என்றால் 5,600-இல் 1,400 போக 4,200. பழைய பேட்டரியையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். வாரண்டியைப் பயன்படுத்தியவர் 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாக ஆகிறது. எனவே இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு இடப்பக்கம் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: இருபதாவது மாதம் இலவசமாக மாற்றிக் கொடுத்த பேட்டரிக்குப் புதிய 24 மாதம் தொடங்குவதில்லை, முதல் பேட்டரியில் எஞ்சிய நான்கு மாதம்தான் பொதுவாகத் தொடரும். வாடகைக்கு ஓடும் கார் என்றால் காலம் இன்னும் குறைவாக இருக்கக்கூடும். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வரிசை எண் இல்லாத பில்

வாங்காதீர்கள். அந்த ஸ்கூட்டர் இளைஞர்களின் பில்லில் "பேட்டரி 1" என்று மட்டும் இருந்தது. பேட்டரியில் பொறித்த எண், பில், வாரண்டிப் பதிவு மூன்றும் ஒத்திருந்தால்தான் பேச முடியும். இவர்கள் கடைக்குத் திரும்பிப் போனபோது, இது எங்கள் கடையில் வாங்கியதுதானா என்பதே முதல் கேள்வியாக இருந்ததாம்.