ஒரே விறகு ஒப்பந்தம், மூன்று பேருக்கு மூன்று தாள்: அட்டவணையா, பட்டியலா, பத்தியா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை எனக்கு. இலையைக் காயவைக்கும் ஹீட்டருக்கு விறகு வேண்டும். கற்பூர மரம், சீகை, சில்வர் ஓக் என்று எது கிடைக்கிறதோ அது வரும். விறகு கொடுக்கிறவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு ஒப்பந்தம். அதில் இருக்கும் விவரங்களைப் பிரித்தெடுத்து, வேண்டியவர்களுக்கு வேண்டிய மாதிரி எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் வருடம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன். கணக்கருக்குப் பாதி உதவியது, விறகு ஷெட்டுக்கு உதவவே இல்லை, முதலாளியை அது தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. இப்போது செய்கிற முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

படி 1: முதலில் யாருக்கும் காட்டாத தாள் ஒன்று

ஒப்பந்தத்தைப் படித்தவுடன் அட்டவணை போட உட்காரக் கூடாது. எக்செல்லில் எனக்கென்று ஒரு மூலத்தாள் வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு விவரம். அதில் நான்கே கட்டங்கள்: எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு, ஒப்பந்தத்தில் உள்ள வாசகம் அப்படியே, அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மூன்றாவது கட்டத்தைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். கூடலூர்க்காரர் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு இப்படி இருக்கிறது:

"விறகின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் இருப்பின், மிகையாக உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் 1 சதவீதம் கழிக்கப்படும். 40 சதவீதத்துக்கு மேல் இருப்பின் லோடைத் திருப்பி அனுப்பலாம். மழைக்காலத்தில் 30 என்பது 35 எனக் கொள்ளப்படும்."

அவசரமாகப் படித்தால் கையில் நிற்பது "ஈரப்பதம் 30%" என்பது மட்டும்தான். பணம் கூடுவதும் குறைவதும் "இருப்பின்", "எனக் கொள்ளப்படும்" என்ற சொற்களில். எனவே மூலத்தாளில் இருப்பின், தவிர, இல்லையேல், வரை, முன் போன்ற சொற்களுக்கு மஞ்சள் அடித்துவிடுவேன். எந்த விவரத்தை எந்த வடிவில் கொடுப்பது என்று பிறகு முடிவு செய்ய இந்த மஞ்சள்தான் கைகொடுக்கும்.

படி 2: தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

படிப்பவர் பெரிய பதவியா சின்னப் பதவியா என்று பார்த்துப் பயனில்லை. தாளை எப்போது எடுப்பார், எடுத்து என்ன செய்வார் என்று பாருங்கள். எங்கள் கணக்கர் பில் வரும்போதெல்லாம் எடுப்பார். மூன்று பேரில் யாருடைய பில், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்று தேடுவார். தேடுகிறவருக்கும் ஒப்பிடுகிறவருக்கும் அட்டவணை. ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் லாரி வந்து நிற்கும்போது எடுப்பார், ஒரு கையில் ஈரம் பார்க்கும் மீட்டர் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறவருக்குப் பட்டியல். முதலாளி வருடத்துக்கு ஒரு தடவை எடுப்பார், இந்த ஒப்பந்தத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய. ஒன்று நடந்தால் இன்னொன்று என்று காரணங்களைக் கோத்துப் பார்க்க வேண்டியவருக்குப் பத்தி.

படி 3: கணக்கருக்கு அட்டவணை

முதல் தடவை நான் போட்ட அட்டவணையில் "மழைக்கால வரம்பு: 35%" என்று ஒரு கட்டம் இருந்தது. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஜூலையில் கோத்தகிரிக்காரரிடமிருந்து 34% ஈரத்தோடு ஒரு லோடு வந்தது. மழைக்காலம்தானே என்று கணக்கர் கழிக்காமல் விட்டுவிட்டார்.

ஆனால் மழைக்காலம் எது? கூடலூரில் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலும் வடகிழக்கை நம்பித்தான் இருக்கிறது. ஐப்பசியில்தான் இங்கே மழை வலுக்கும். ஒப்பந்தங்களும் அதற்கேற்பவே எழுதப்பட்டிருந்தன: ஒருவருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இன்னொருவருக்கு அக்டோபரும் நவம்பரும். இரண்டு ஒப்பந்தத்திலும் ஒரே சொல், இரண்டிலும் வேறு பொருள். நான் அதை ஒரே தலைப்பின் கீழ் போட்டதும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது. 8 டன் லோடு, 4% கழித்தால் 7.68 டன். டன் 5,200 ரூபாய் விலையில் 1,664 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்.

இப்போதுள்ள அட்டவணை இது:

| சப்ளையர் | டன் விலை (ரூ.) | ஈர வரம்பு | மழை மாத வரம்பு | எவை மழை மாதம் | பணம் தரும் கெடு |
|---|---|---|---|---|---|
| கூடலூர் | 5,000 | 30% | 35% | ஜூன்–ஆகஸ்ட் | பில் தேதியிலிருந்து 30 நாள் |
| கோத்தகிரி | 5,200 | 30% | 35% | அக்டோபர்–நவம்பர் | லோடு இறங்கிய தேதியிலிருந்து 15 நாள் |
| மேட்டுப்பாளையம் | 4,600 | 25% | தனி வரம்பு இல்லை | ஒப்பந்தத்தில் சொல்லவில்லை | பில் தேதியிலிருந்து 45 நாள் |

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். "30 நாள், 15 நாள், 45 நாள்" என்று மட்டும் போட்டிருந்தால் அட்டவணை அழகாக இருந்திருக்கும். ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது ஒருவருக்கு மாறுகிறது. தொடக்க நாள் இல்லாத கெடு பாதி விவரம்தான்.

அடுத்து, காலிக் கட்டம் வேண்டாம். கோடு போட்டும் விடாதீர்கள். கோட்டைப் பார்க்கிறவருக்கு அது ஒப்பந்தத்தில் இல்லையா, இவருக்குப் பொருந்தாதா, நான் பார்க்க மறந்தேனா என்று தெரியாது. எதுவோ அதை எழுதிவிடுங்கள். பார்த்து முடிக்காததை "இன்னும் பார்க்கவில்லை" என்று எழுத எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒரு கட்டத்துக்குள் எழுதியது இரண்டு வரியைத் தாண்டினால் அந்த விவரம் அட்டவணைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அதைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே திணித்தால் முதலில் விழுவது நாம் மஞ்சள் அடித்த சொல்தான். மேலே மழை மாதத்துக்குச் செய்தது போல அந்த நிபந்தனைக்கே தனிக் கட்டம் போடப் பாருங்கள். முடியாவிட்டால் அதை அட்டவணையை விட்டு வெளியே எடுத்து, கீழே ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ஈரக் கழிவு எப்படிக் கணக்கிடுவது என்பதை நான் அப்படித்தான் அட்டவணைக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 4: ஷெட்டுக்குப் பட்டியல்

பழைய அட்டவணையை நீட்டியபோது அண்ணன் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, லாரி நிக்குது. இதுல நான் எதப் பாக்கட்டும்?"

விலையும் கெடுவும் அவருக்கு வேண்டாம். இப்போது ஷெட் கதவில் ஒட்டியிருப்பது:

1. இறக்குவதற்கு முன் எடை போடவும்.
2. லோடின் வெவ்வேறு இடத்திலிருந்து 5 கட்டை எடுத்துப் பிளக்கவும். பிளந்த உள்பக்கத்தில் மீட்டரைக் குத்தவும். ஐந்தின் சராசரியை எழுதவும்.
3. சராசரி 40 வரை இருந்தால் இறக்கவும். எழுதிய எண்ணை ஆபீஸில் கொடுக்கவும். கழிவு அங்கே பார்ப்பார்கள்.
4. 40க்கு மேல் இருந்தால் இறக்க வேண்டாம். கூடலூர், கோத்தகிரி லோடு என்றால் திருப்பி அனுப்பலாம். மேட்டுப்பாளையம் லோடு என்றால் திருப்பாமல் நிறுத்திவைத்து ஆபீஸுக்கு போன் செய்யவும்.

இதில் வரிசை முக்கியம், அதனால்தான் புள்ளிக்குப் பதில் எண். வரிசை மாறினாலும் ஒன்றும் கெடாது என்றால் மட்டும் புள்ளி போடுங்கள். நான்காவது வரியில் மேட்டுப்பாளையத்தைப் பிரித்துச் சொன்னதற்குக் காரணம், அவருடைய ஒப்பந்தத்தில் லோடைத் திருப்பும் உரிமையே நமக்கு இல்லை. அந்தக் காரணத்தைப் பட்டியலில் எழுதவில்லை. கதவில் தொங்கும் தாளில் காரணம் படிக்க யாருக்கு நேரம்?

படி 5: முதலாளிக்குப் பத்தி

இதில்தான் நான் அதிகம் சறுக்கினேன். முதலாளிக்கு நேரமில்லை, அட்டவணைக்குப் பதில் நாலு புள்ளியில் கொடுத்துவிடலாம் என்று நினைத்து இப்படிக் கொடுத்தேன்:

- ஒப்பந்த முடிவு: மார்ச் 31
- நோட்டீஸ்: 60 நாள்
- தானாக நீளும்: ஆம்
- விலை உயர்வு: 6%

ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. ஆனால் நாலுக்கும் நடுவே இருக்கும் உறவு எதிலும் இல்லை. முடிவு மார்ச் என்று பார்த்தவர் பிப்ரவரியில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். பிப்ரவரியில் பேச ஒன்றும் மிச்சமில்லை. ஒப்பந்தம் ஏற்கெனவே இன்னொரு வருடத்துக்கு நீண்டிருந்தது. "அப்ப இந்த ஆறு பர்சன்ட் கட்டாயமா?" என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல நான் மறுபடி ஒப்பந்தத்தைத் தூக்க வேண்டியதாயிற்று.

அடுத்த முறை கொடுத்தது இது:

"கூடலூர் ஒப்பந்தம் 31-03-2026 அன்று முடிகிறது. ஆனால் வேண்டாம் என்று நாம் எழுதியது அதற்கு 60 நாள் முன்பே, அதாவது 30-01-2026 வெள்ளிக்கிழமைக்குள், அவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் அது தானாக இன்னொரு வருடம் நீளும் (பிரிவு 11). நீண்டால் டன் விலை 5,000 ரூபாயிலிருந்து 5,300 ஆகும். ஒரே விலக்கு: இந்த ஒப்பந்த வருடத்தில் ஈரத்துக்காக மூன்று லோடாவது திரும்பியிருந்தால் விலை ஏறாது (பிரிவு 4). இதுவரை இரண்டு லோடு திரும்பியிருக்கிறது. எனவே ஜனவரி 20ஆம் தேதிக்குள் தாங்கள் முடிவு சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்ப நேரம் இருக்கும்."

எழுதும்போது கவனித்தவை சில. "60 நாள் முன்" என்பதை விட்டுவிடாமல் அதைத் தேதியாகவும் எண்ணிக் கொடுத்தேன். எண்ணும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டக் கூடாது. ஒப்பந்தத்தில் "அனுப்பியிருக்க வேண்டும்" என்று இல்லை, "கிடைத்திருக்க வேண்டும்" என்று இருந்தது. அதனால்தான் பத்து நாள் முன்கூட்டி ஒரு தேதி. இரண்டு லோடு திரும்பியது ஒப்பந்தத்தில் இருக்கும் செய்தி இல்லை, ஷெட் நோட்டில் இருந்தது. ஆனால் அது இல்லாமல் 4ஆம் பிரிவைச் சொல்லிப் பயன் இல்லை. இப்படி வெளியிலிருந்து சேர்த்ததற்குப் பிரிவு எண் போட மாட்டேன். அதைப் பார்த்தே எது ஒப்பந்தம், எது நம் கணக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அதற்காகப் பத்தி என்றால் எல்லாவற்றையும் கொட்டலாம் என்று இல்லை. மூன்று சப்ளையரின் விலையையும் கெடுவையும் ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள், நாலாவது எண்ணுக்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது. முதலாளி மூன்று பேரையும் ஒப்பிட விரும்பினால் கணக்கரின் அட்டவணையைப் பின்னால் குத்திக் கொடுத்துவிடுவேன்.

படி 6: கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

தாளை மட்டும் அவரவரிடம் கொடுத்து, பதில் எனக்குத் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பேன். கணக்கரிடம்: "ஜூலையில் கோத்தகிரி லோடு 34 காட்டினால் எவ்வளவு கழிப்பீர்கள்?" அண்ணனிடம்: "மேட்டுப்பாளையம் லோடு 42 இருந்தால்?" முதலாளியிடம்: "ஜனவரி முழுக்க நாம் சும்மா இருந்தால் ஏப்ரலில் விலை என்ன?" பதில் தப்பாக வந்தாலோ, என்னைத் திரும்பக் கேட்டாலோ தாளில்தான் கோளாறு. மூலத்தாளுக்குப் போய் மஞ்சள் அடித்த எந்தச் சொல் வழியில் விழுந்தது என்று தேடுவேன்.

விலையோ வரம்போ மாறிக் கடிதம் வந்தால் முதலில் மூலத்தாளில் திருத்தி, அதிலிருந்து மூன்றையும் புதிதாக எடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி போடுவேன். அப்புறம் ஷெட் கதவில் இருக்கும் பழையதை நானே போய்க் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்டுவேன்.