இமையில் அரிப்பு, காரணம் தலையில்

எட்டு மாதமாக என் மேல் இமைகள் சிவப்பதும் வீங்குவதும் செதில் உதிர்வதுமாக இருந்தன. கண் மையை நிறுத்தினேன், சோப்பை மாற்றினேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு இரண்டே நாளில் கேட்டது, விட்டதும் திரும்பியது. அதைக் கண்ணருகே தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் ஏறலாம் என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. மே மாதம் வேறு, கேட்கவே வேண்டாம். 48 மணி நேரம் கழித்துப் பிரித்தபோது ஒரு கட்டம் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் அதே இடம் தடித்து, பொடிக் கொப்புளங்களோடு நின்றது. அது பாராஃபினைலின்டயமின், சுருக்கமாகப் பிபிடி. கறுப்புத் தலைச்சாயத்தில் இருப்பது.

"தலையில் அரிப்பே இல்லையே?" என்றேன். தலைத் தோல் தடிமன், இமைத் தோல் மெல்லியது, அலசும்போது வழிகிற சாயமே போதும் என்றார். போனில் இமையைப் படமெடுத்த தேதிகளையும் பார்லர் ரசீதுகளையும் ஒப்பிட்டேன். எல்லாம் சாயம் பூசிய இரண்டாம், மூன்றாம் நாள்!

'அம்மோனியா இல்லாதது' என்று வாங்கிய டப்பாவிலும் பிபிடி இருந்தது. கறுப்பு மருதாணியிலும் கலப்பதுண்டாம். இப்போது கலப்பில்லாத மருதாணி மட்டும்தான். ஐந்து வாரத்தில் இமை தேறியது, முடிதான் செம்பட்டை.