மணல் மூடிய பள்ளம்

ஓய்வுபெற்றபின், வன்னியில் நான் கட்டிய சின்னப் பாலத்தைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்த நாளில் மாரிதோறும் அதன் கரைச்சுவர் வெடிக்கும். சீமெந்து பூசினோம், திரும்ப வெடித்தது. கல் அடுக்கினோம், வெள்ளம் கொண்டுபோனது. கோடையில் அடித்தளத்தைச் சுற்றி மணல் மட்டமாகவே கிடக்கும், அதுதான் ஏமாற்றியது. கடைசியில் இரும்புக் கம்பியைக் குத்தினேன். ஐந்தடி சும்மா இறங்கியது! வெள்ளம் தோண்டிய பள்ளத்தை, வடியும்போது இளமணல் மூடியிருக்கிறது. பாலத்தின் வாய் ஒடுக்கம், அதனால் நீருக்கு அங்கே வேகம். பள்ளத்தைக் கொங்கிறீட்டால் நிரப்பினோம். அப்புறம் அணுகுபாதையை மூன்றடி தாழ்த்தி, மிச்ச வெள்ளத்தை அதன்மேல் ஓடவிட்டேன்.

"மாரியில ரெண்டு நாள் எங்களுக்குப் பாதை இல்லையே, ஐயா" என்றார் ஒரு பெரியவர். சரிதான். ஆனால் பாலமே போனால்?

சுவர் இனியும் அசைந்தால் காட்டட்டும் என்று, வெடிப்பின் குறுக்கே அன்று தேதி கீறிப் பூசிய சீமெந்துப் பட்டை இன்னும் பிளக்கவில்லை.