பழைய ஐஸ் உடைக்கும் மெஷினைக் கொடுத்துப் புதியது வாங்கிய கணக்கு: சரிசெய்த விதம்

திருகோணமலையில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் ஏட்டில், புதிய மெஷின் 11,00,000 ரூபா என்று பதிந்திருந்தது. அது கையால் கொடுத்த காசு மட்டும்தான். பழைய மெஷினும் அதன் தேய்மானமும் ஏட்டில் அப்படியே கிடந்தன.

முதலில் பழையதை மாற்றிய நாள் வரைக்கும் தேய்மானம் போட வேண்டும். கிரயம் 9,00,000, ஆண்டுத் தேய்மானம் 1,00,000. ஐந்து வருடத்துக்கு மட்டுமே பதிந்திருந்தார்கள். மாற்றியது ஆறாம் வருட நடுவில். விடுபட்ட 50,000ஐச் சேர்த்ததும் திரண்ட தேய்மானம் 5,50,000, ஏட்டுப் பெறுமதி 3,50,000.

அடுத்தது கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். பில்லில் புதியதன் விலை 14,00,000, பழையதுக்குக் கழிவு 3,00,000. அதை நம்பினால் நட்டம் 50,000தான். ஆனால் பழையது கொடுக்காமல் முழுக்காசுக்கு வாங்குபவருக்கு அதே மெஷின் 13,50,000. கடைக்காரர் விலையைத் தூக்கிவைத்துத்தான் கழிவையும் கூட்டிக் காட்டியிருக்கிறார். இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 16இன்படி கிரயம் என்பது ரொக்க விலை. ஆகவே பழையதுக்கு உண்மையில் கிடைத்தது 2,50,000, நட்டம் 1,00,000. கடையில் ரொக்க விலையை எழுத்தில் கேட்டு வாங்கிப் பில்லோடு வைத்துவிடுங்கள்.

திருத்திய பதிவு: புதிய மெஷின் 13,50,000, திரண்ட தேய்மானம் 5,50,000, நட்டம் 1,00,000 வரவு, பழைய மெஷின் 9,00,000, காசு 11,00,000 செலவு. இருபக்கமும் 20,00,000. முன்பு 11,00,000க்குப் போட்ட பதிவை நீக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் காசு இரண்டு தடவை குறையும்.