கால் வீக்கத்தோடு தலையிடியும் வந்தால் பிரஷரைப் பாருங்கள்

கர்ப்பத்தில் மாதம் ஏறினால் கால் வீங்கும்தானே என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், அது பாதி உண்மை. பின்னேரம் வீங்கி, காலை நீட்டிப் படுத்தால் விடியப் பெரும்பாலும் வற்றிவிடும் வீக்கத்துக்குப் பயப்படத் தேவையில்லை. மச்சாளுக்கு முப்பத்தைந்தாவது கிழமை, விடியவே முகம் ஊதி, மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் போனது. தலையிடி வேறு. வன்னி வெயிலல்லவா, வெயில் சூடு என்று இரண்டு பனடோல் போட்டாள், கேட்கவில்லை. மத்தியானம் போனில் எழுத்து மங்குது, கண்ணுக்குள்ள மின்னுது என்றாள்.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது, நல்லகாலம் நாங்கள் காத்திருக்கவில்லை, மிட்வைஃபுக்குப் போன் எடுத்தோம். அவர் வந்து பார்த்தபோது 160/110, முதல் மாதங்களில் கிளினிக் கொப்பியில் 110/70தான் இருந்தது. உடனே 1990 அம்புலன்ஸ்.

140/90 வந்தாலே அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும், 160/110 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இது கர்ப்பத்தால் கூடும் பிரஷர், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் தாக்கும், வலிப்பும் வரலாம். பிரஷர் கூடுவது பல நேரம் உடம்புக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். வீக்கமே இல்லாமலும் வரும், அதனால் தலையிடியும் கண் மங்கலும், வலது விலாவுக்குக் கீழே நோவும்தான் பெரிய அடையாளம். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமை வரை இதே கவனம் வேணும்.