டிரைவே ஸ்கேன் பண்ணிவிட்டதே, அப்புறம் என்ன?

மயிலாப்பூரில் நண்பர் ஒருவரின் ஆடிட்டர் அலுவலகம். ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும் நாட்களில் கிளையன்ட்டுகள் எல்லோரும் பில்களை ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்படிக் கொட்டியதில் ஒரு நாள் ஒரு ஜிப் கிடந்தது. அதன் பாஸ்வேர்டும் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. பிரித்தால் உள்ளே `Bill_March.pdf`. "டிரைவே ஸ்கேன் பண்ணித்தானே சார் தருது" என்று அங்கே வேலை பார்க்கும் தம்பி திறக்கப் போனார்.

முதல் தவறு அந்த நம்பிக்கைதான். டிரைவ் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல்களை வைரஸ் ஸ்கேன் செய்வதில்லை. டவுன்லோடு செய்யும்போது அதை ஓர் எச்சரிக்கையாகக் காட்டும், நாம் படிக்காமலே தட்டிவிடுவோம். இது தெரிந்துதான் சிலர் வைரஸ் ஃபைலை வெற்று பைட்டுகளால் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை, அந்தப் பாஸ்வேர்டு தெரியாத ஸ்கேனரால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், அந்தப் பூட்டு திருடனுக்காகப் போட்டதல்ல, ஸ்கேனருக்காகப் போட்டது.

அடுத்தது, கண்ணில் தெரியும் பெயரை நம்புவது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்தே காட்டும். விண்டோஸ் 11 எக்ஸ்ப்ளோரரில் `View > Show > File name extensions` என்பதை டிக் செய்ததும் அந்தப் பில் `Bill_March.pdf.exe` ஆகிவிட்டது. பிடிஎஃப் ஐகானும் ஒட்டவைத்ததுதான். `.exe`க்கு எந்தப் படத்தையும் மாட்டலாம். `Type` பத்தியில் மட்டும் `Application` என்று உண்மை இருந்தது.

சந்தேகம் வந்ததும் பலர், பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஃபைலை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இது மூன்றாவது தவறு. அங்கே ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்களும் கட்டணச் சந்தாதாரர்களும் எடுத்துப் பார்க்க முடியும். அது நிஜமான பில்லாக இருந்தால் கிளையன்ட்டின் கணக்கு ஊருக்குப் போய்விடும். அதற்குப் பதில் விண்டோஸின் பவர்ஷெல்லில், ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷை எடுங்கள். இதனால் ஃபைல் இயங்காது:

```
Get-FileHash .\Bill_March.pdf.exe
```

வரும் 64 எழுத்துகளை அங்கே தேடினால் போதும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நல்ல ஃபைல் என்று அர்த்தமில்லை. இதுவரை யாரும் அதை அங்கே ஏற்றவில்லை, அவ்வளவுதான். தம்பிக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிளையன்ட்டுக்கு, பழைய பில்லில் இருந்த நம்பரைப் பார்த்து போன் போட்டார். "நான் ஜிப்பே அனுப்பலையே" என்றார் அவர்.

ஒருவேளை கிளிக் செய்திருந்தால், முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் டிரைவ் சிங்க் ஓடிக்கொண்டிருந்தால், ரான்சம்வேர் பூட்டும் ஃபைல்கள் ஃபோல்டரில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும். பிடிஎஃப் மாதிரி ஃபைல்களின் பழைய பதிப்புகள் `Manage versions`இல் கிடைக்கும். ஆனால் சாதாரணமாக 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.