தனி ஐபி வாங்காமலே தீர்ந்த மெயில் சிக்கல்

பத்தமடைப் பாய் விற்கிற சித்தப்பா கடையின் ஆர்டர் மெயில்கள் திடீரென்று திரும்பி வர ஆரம்பித்தன. திரும்பிய மெயிலைத் திறந்தால், ஏற்க மறுத்துவிட்டார்கள் என்பதைச் சொல்லும் 550 என்ற எண்ணும், தடைப்பட்டியலில் இருக்கிற ஒரு ஐபி முகவரியும் இருந்தது. அது எங்கள் மெயிலை அனுப்பும் சர்வரின் முகவரி, எங்களோடு இன்னும் பலர் பகிரும் ஐபி, யாரோ குப்பை மெயில் அனுப்பியிருக்கிறார்கள். மெயில் சேவைக்காரர்கள் தனி ஐபி வாங்கச் சொன்னார்கள். "வாங்கிரலாமாடே?" என்றார் சித்தப்பா.

வேண்டாம் என்றேன். மாதம் 9,000 மெயில், அதாவது நாளைக்கு 300தான். புது ஐபிக்கு முன்கதை கிடையாது, தினமும் சீராக மெயில் போனால்தான் ஜிமெயில் போன்றவை அதை நம்பும். தீபாவளிக்கு மட்டும் மொத்தமாக அனுப்பினால் சந்தேகம்தான் வரும். மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி, அதுவும் சீராகப் போகிறவர்களுக்குத்தான் தனி ஐபி கட்டுப்படியாகும், அப்போதும் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

அதனால் வேறு பகிர்வு ஐபி தொகுப்புக்கு மாற்றித் தரச் சொன்னேன், மாற்றினார்கள். அப்புறம் மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் DKIM கையெழுத்து கடையின் டொமைன் பெயரிலேயே விழும்படி டிஎன்எஸ்ஸில் அதற்கான பதிவைச் சேர்த்தேன், நற்பெயர் நம் டொமைனிலும் சேர வேண்டுமே. ஜிமெயிலில் Show original திறந்து பார்த்தால் DKIM: 'PASS' என்பதன் பக்கத்தில் கடையின் டொமைனே தெரிய வேண்டும். தெரிந்தது, மெயில் திரும்புவதும் நின்றது.